சம்பள உயர்வு கேட்டு ஒரு பக்கம் எழுதுவது: அப்ரைசலுக்கு முன் வரும் கேள்விகள்

சென்னையில் மென்பொருள் நிறுவனங்களில் பல ஆண்டுகள் குழுத் தலைவராக இருந்திருக்கிறேன். சம்பள உயர்வு முடிவாகும் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்காகவும் கேட்டிருக்கிறேன். கீழே உள்ளவை என்னிடம் அடிக்கடி வரும் கேள்விகள். பதில்கள் எல்லாவற்றுக்கும் ஒரே ஆளை எடுத்துக்கொள்கிறேன்: 6 வருட அனுபவம் உள்ள டெஸ்ட் இன்ஜினியர், சிடிசி 12 லட்சம், ஏப்ரல் 1 முதல் உயர்வு அமலாகும் கம்பெனி.

அப்ரைசல் மீட்டிங்கில் நேரில் பேசிக்கொள்ளலாமே, எதற்கு எழுத வேண்டும்?

அந்த மீட்டிங் பெரும்பாலும் முடிவைச் சொல்வதற்காக நடப்பது. முடிவு அதற்கு முன்பே வேறு ஓர் அறையில் எடுக்கப்பட்டிருக்கும். அங்கே உங்கள் மேனேஜர், அவரைப் போன்ற மற்ற மேனேஜர்கள், அவர்களுக்கு மேலே இருப்பவர், எச்ஆர் எல்லாரும் இருப்பார்கள். நீங்கள் இருக்க மாட்டீர்கள். உங்கள் மேனேஜர் 10 பேருக்காகப் பேச வேண்டும், ஆளுக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். "ஏன் இவருக்கு மட்டும் கூடுதல்?" என்று யாராவது கேட்டால், "நல்லா வேலை செய்கிறார்" என்ற பதில் அங்கே நிற்காது. மற்ற மேனேஜர்களும் தங்கள் ஆட்களைப் பற்றி அதையேதான் சொல்வார்கள்.

நீங்கள் எழுதும் அந்த ஒரு பக்கம் அப்போது அவர் கையில் இருக்க வேண்டியது. அதனால் அவரைச் சம்மதிக்க வைப்பதற்காக மட்டும் எழுதாதீர்கள். உங்களை ஒரு தடவைகூடப் பார்க்காத ஒருவரிடம் அவர் அப்படியே படித்துக் காட்டக்கூடிய வரிகளாக எழுதுங்கள். இது ஒன்று மனதில் இருந்தால் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எப்போது கொடுக்க வேண்டும்?

ஏப்ரல் 1 அமல் என்றால், ஜனவரி பிற்பகுதியில்.

ஏப்ரல்–மார்ச் கணக்கில் ஓடும் கம்பெனிகளில் வரிசை ஏறக்குறைய இப்படி இருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் அடுத்த வருடச் சம்பள பட்ஜெட் முடிவாகும். பிப்ரவரி, மார்ச்சில் செல்ஃப் அப்ரைசல் படிவம் திறக்கும். அதன் பிறகு மேனேஜர் ரேட்டிங் போடுவார், எல்லாருடைய ரேட்டிங்கையும் ஒன்றாக வைத்துச் சரிசெய்யும் கூட்டம் நடக்கும். சம்பள உயர்வுக் கடிதம் ஏப்ரலில் இருந்து ஜூனுக்குள் எப்போதாவது வரும். அந்தக் கடிதத்துக்கு முந்தைய வாரம் போய்ப் பேசினால், பணம் ஏற்கெனவே பங்கு போடப்பட்டிருக்கும்.

என் முதல் கம்பெனியில் எனக்கு இதுதான் நடந்தது. மே மாதம் மீட்டிங்கில் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். மேனேஜர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதை பிப்ரவரியிலேயே சொல்லியிருந்தால் ஏதாவது செய்திருப்பேன்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை என்பது நான் மேனேஜரான பிறகுதான் புரிந்தது.

உங்கள் கம்பெனியின் தேதிகள் தெரியவில்லை என்றால், மெயிலில் போன வருடம் எச்ஆர் அனுப்பியவற்றைத் தேடுங்கள். படிவம் திறந்த நாள், மூடிய நாள், கடிதம் வந்த நாள் மூன்றும் கிடைக்கும். படிவம் திறந்த நாளிலிருந்து மூன்று, நான்கு வாரம் பின்னால் எண்ணினால் உங்கள் நாள் வந்துவிடும். ஜனவரி–டிசம்பர் கணக்குள்ள கம்பெனி என்றால் எல்லாமே மூன்று மாதம் முன்னால் வரும், தீபாவளி சமயத்திலேயே எழுதத் தொடங்க வேண்டும்.

ஒரு ஆளுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தால் கம்பெனிக்கு என்ன குறைந்துவிடப் போகிறது? மேனேஜர் ஏன் இவ்வளவு தயங்குகிறார்?

கம்பெனிக்குக் குறையாது. ஆனால் அவருடைய குழுவில் இருக்கும் மற்றவர்களுக்குக் குறையும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். குழுவில் 10 பேர், எல்லாருடைய நிலையான சம்பளமும் சேர்த்து 1 கோடி. உயர்வுக்கு 9% ஒதுக்கியிருக்கிறார்கள் என்றால் அவர் கையில் இருப்பது 9 லட்சம். உங்கள் 12 லட்சம் சிடிசியில் நிலையான சம்பளம் 9.64 லட்சம், எப்படி என்று பின்னால் பிரித்துக் காட்டுகிறேன். அதை 11.20 லட்சமாக்கக் கேட்கிறீர்கள். உங்களுக்கு மட்டும் 1.56 லட்சம் போய்விடும். மீதி 7.44 லட்சத்தை 9 பேருக்குப் பிரித்தால் சராசரி 8.2% தான் வருகிறது. அந்த ஒன்பது பேரில் யாராவது ஒருவர் "எனக்கு ஏன் குறைந்தது?" என்று கேட்பார். அவருக்கும் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் மேனேஜர்தான்.

இதிலிருந்து ஒரு வழியும் தெரிகிறது. பல கம்பெனிகளில் வழக்கமான உயர்வு பட்ஜெட் போக, சந்தைச் சம்பளத்தைவிடப் பின்தங்கியவர்களைச் சரிசெய்ய எச்ஆரிடம் தனியாக ஒரு தொகை இருக்கும். மார்க்கெட் கரெக்ஷன் என்பார்கள். அதிலிருந்து வந்தால் மற்றவர்களின் பங்கு குறையாது. அதைத் தொட மேனேஜருக்குச் சந்தை விவரம் எழுத்தில் வேண்டும். உங்கள் குறிப்பில் சாதனை, சந்தை இரண்டும் இருக்க வேண்டிய காரணம் இதுதான். சாதனை ரேட்டிங்குக்கு, சந்தை கரெக்ஷனுக்கு. இரண்டும் வேறு வேறு கதவுகள்.

வருடம் முழுக்க ஓடினேன், ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

நினைவை நம்பி உட்காராதீர்கள். அது கடைசி இரண்டு மாதத்தைத்தான் காட்டும். மூன்று இடங்களில் தேடுங்கள்: ஜிரா மாதிரி நீங்கள் பயன்படுத்தும் டிக்கெட் அமைப்பில் உங்கள் பெயரில் மூடப்பட்டவை, காலண்டரில் மாதவாரியாக இருந்த மீட்டிங்குகள், நீங்கள் அனுப்பிய மெயில்கள். வந்த மெயிலைவிட அனுப்பிய மெயிலில்தான் உங்கள் வேலை இருக்கும். யாராவது நன்றி சொன்ன மெயில் இருந்தால் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு மணி நேரத்தில் இருபது, முப்பது விஷயம் சேரும். அதிலிருந்து மூன்றை மட்டும் எடுங்கள். நீங்கள் செய்திருக்காவிட்டால் நடந்தே இருக்காது என்பவை எவையோ, அவைதான் அந்த மூன்று. "தினமும் டெஸ்ட் ரிப்போர்ட் அனுப்பினேன்" என்பது உங்கள் வேலை. அதற்குத்தான் இப்போதைய சம்பளம்.

ஒன்று கவனியுங்கள். ஆதாரம் சேர்க்கிறேன் என்று கம்பெனி ஆவணங்களைச் சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள். பல கம்பெனிகளில் அது ஒழுங்கு நடவடிக்கைக்குரிய விஷயம். டிக்கெட் எண், தேதி, உங்கள் சொந்த வரி இவை மட்டும் போதும்.

என் வேலையை ரூபாயில் சொல்ல முடியாது. எண் இல்லாமல் எழுதலாமா?

ரூபாய் வேண்டாம், ஆனால் எண் வேண்டும். முன்னால் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது, எத்தனை தடவை நடந்தது என்ற மூன்றும் இருந்தால் எண் தானாக வந்துவிடும்.

நம் டெஸ்ட் இன்ஜினியரையே பாருங்கள். ஒவ்வொரு ரிலீஸுக்கும் முன்னால் பழைய வசதிகள் எல்லாம் உடையாமல் இருக்கிறதா என்று 3 பேர் 2 நாள் கையால் சோதித்தார்கள். அதாவது 6 ஆள்-நாள். இவர் அதைத் தானியங்கியாக்கினார். இப்போது ஒருவர் அரை நாள் பார்த்தால் போதும். ரிலீஸுக்கு 5.5 ஆள்-நாள் மிச்சம். மாதம் இரண்டு ரிலீஸ், வருடத்துக்கு 24, ஆக 132 ஆள்-நாள் என்று எழுதத் தோன்றும். எழுதக் கூடாது. இது ஜூன் மாதம்தான் ஓடத் தொடங்கியது. ஜூன் முதல் ஜனவரி வரை 16 ரிலீஸ், ஆகவே 88 ஆள்-நாள். எண்ணை ஊதினால் அந்த அறையில் யாராவது ஒருவர் கண்டுபிடிப்பார், அதன் பிறகு மற்ற இரண்டு சாதனைகளையும் நம்ப மாட்டார்கள்.

அடுத்து, 88 நாளை ஒரு நாள் சம்பளத்தால் பெருக்கி "இத்தனை லட்சம் மிச்சப்படுத்தினேன்" என்று எழுதுவார்கள். அதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. அந்த மூன்று பேரும் இன்னும் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள், கம்பெனி கணக்கில் ஒரு ரூபாயும் குறையவில்லை. மிச்சமான நாள் எங்கே போனது என்று எழுதினால்தான் அதற்கு மதிப்பு. "அதில் இருவர் பேமென்ட் பகுதியைச் சோதிக்கப் போனார்கள், அதற்காகக் கேட்கவிருந்த புதிய ஆளைக் கேட்கவில்லை." இந்த ஒரு வரியை எந்த நிதிப் பிரிவும் மறுக்க முடியாது. அந்த 88 என்ற எண்ணைவிட இது வலுவானது என்றே நினைக்கிறேன்.

எல்லாம் குழுவாகச் செய்ததுதான். "நான்" என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

குழு செய்ததைக் குழு என்றும், அதில் உங்கள் பங்கை நான் என்றும் எழுதுங்கள். "ரிலீஸ் நேரத்தைக் குழு குறைத்தது. ஸ்கிரிப்ட் வடிவமைப்பும் முதல் 140 டெஸ்ட்டும் என்னுடையவை. மீதியை எழுத இரண்டு ஜூனியர்களுக்குக் கற்றுக்கொடுத்தேன்." இதில் யாருடைய பங்கும் பறிபோகவில்லை. உங்கள் மேனேஜர் அதே குழுவில் இன்னொருவருக்காகவும் பேச வேண்டியிருக்கும். இப்படிப் பிரித்துக் கொடுத்தால் அவருக்கும் அது உதவும்.

வெளியே இதே வேலைக்கு 16 லட்சம் தருகிறார்கள். எனக்கு 12 தான். இதை அப்படியே எழுதலாமா?

முதலில் இரண்டையும் ஒரே தராசில் வையுங்கள். சிடிசி என்ற ஒற்றை எண்ணில் மாதம் கைக்கு வராதவை நிறைய ஒளிந்திருக்கும்.

உங்கள் 12 லட்சத்தைப் பிரிப்போம். அடிப்படைச் சம்பளம் பாதி, அதாவது 6 லட்சம் என்று கொள்வோம். அதில் 12% கம்பெனியின் பிஎஃப் பங்கு, 72,000. கிராஜுவிட்டிக்கு 4.81%, 28,860. இந்த 4.81 என்பது, வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதம் 26 நாள் என்ற கிராஜுவிட்டிக் கணக்கிலிருந்து வருவது. இன்ஷூரன்ஸ் 15,000. வேரியபிள் 1,20,000. இவற்றைக் கழித்தால் நிலையான சம்பளம் 9.64 லட்சம்.

அந்த 16 லட்சத்தையும் அதே மாதிரி பிரியுங்கள். ஜாயினிங் போனஸ் 1 லட்சம், அது ஒரு தடவைதான் வரும். மீதி 15 லட்சத்தில் வேரியபிள் 15%, 2.25 லட்சம். அடிப்படை 7.5 லட்சம் என்றால் பிஎஃப் 90,000, கிராஜுவிட்டி சுமார் 36,000, இன்ஷூரன்ஸ் 15,000. நிற்பது 11.34 லட்சம்.

12-க்கும் 16-க்கும் நடுவே 33% இடைவெளி தெரிந்தது. 9.64-க்கும் 11.34-க்கும் நடுவே இருப்பது சுமார் 18%. எழுத வேண்டியது இந்த 18. 33% என்று எழுதினால் எச்ஆர் இதே கழித்தலைச் செய்து காட்டி, உங்கள் குறிப்பையே ஒதுக்கி வைத்துவிடும். நண்பர்களிடம் கேட்கும்போதும் "சிடிசி எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். "வேரியபிள், போனஸ் இல்லாமல் மாதத்துக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள்.

சந்தை விவரம் எங்கே கிடைக்கும், எதை நம்பலாம்?

ஆம்பிஷன்பாக்ஸ், கிளாஸ்டோர் போன்ற தளங்களில் ஊழியர்களே பதிவிட்ட சம்பளங்கள் இருக்கின்றன. அவற்றில் சராசரியைப் பார்க்காதீர்கள். ஊர், அனுபவ ஆண்டு, பதவி மூன்றையும் வடிகட்டிய பிறகு எத்தனை பதிவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். ஏழெட்டுக்குக் கீழே என்றால் அதை ஒதுக்கிவிடுங்கள். பெங்களூரு எண்ணைச் சென்னைக்கு எடுத்து வராதீர்கள். பழைய பதிவுகளும் கலந்திருக்கும்.

இதைவிட எனக்கு நம்பிக்கை தருவது ஆள் சேர்க்கும் கன்சல்டன்ட்கள். கடந்த ஆறு மாதத்தில் உங்களை அழைத்தவர்களிடம், வேலைக்கு விருப்பம் இல்லாவிட்டாலும், "இந்த இடத்துக்கு நிலையான சம்பளம் எவ்வளவு வரை?" என்று கேட்டுத் தேதியோடு எழுதி வையுங்கள். மூன்று பேர் ஒரே வரம்பைச் சொன்னால் அது சந்தை. சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு மனிதவள அமைச்சே வேலைவாரியாகச் சம்பள விவரம் வெளியிடுகிறது. அமெரிக்காவில் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகம் அதைச் செய்கிறது. அங்கே இருப்பவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம்.

பலர் செய்யும் ஒரு தவறைச் சொல்ல வேண்டும். "இந்த வருடம் இந்தியாவில் சராசரி உயர்வு இவ்வளவு" என்று செய்தி வரும். 2025-க்கு 9.2% இருக்கும் என்று ஏயான் நிறுவனத்தின் சர்வே கணித்தது அந்த வகை. அது வேலையில் இருப்பவர்களுக்குக் கம்பெனிகள் தரப்போகும் உயர்வு. உங்கள் வேலைக்கு வெளியே என்ன விலை என்பதை அது சொல்லாது. அதைக் குறிப்பில் போட்டால், "சரி, உங்களுக்கும் 9 தருகிறோம்" என்று முடித்துவிடுவார்கள்.

கூட வேலை செய்பவரின் சம்பளத்தைப் பெயர் சொல்லி எழுதவே எழுதாதீர்கள். அவருக்குச் சிக்கல், உங்களுக்கும் பயனில்லை.

எவ்வளவு என்று எண் போட்டுக் கேட்கலாமா?

கட்டாயம் போடுங்கள். எண் இல்லாத குறிப்பை வைத்து மேனேஜர் எதையும் கேட்க முடியாது. சதவீதமாகப் போடாமல் சென்று சேர வேண்டிய தொகையாகப் போடுங்கள். நீங்கள் திரட்டிய வரம்பு 10.8 முதல் 11.6 லட்சம் என்றால் நடுவில் இருக்கும் 11.2 லட்சத்தைக் கேளுங்கள். வழக்கமான 9% உயர்வில் நீங்கள் 10.51-க்கு வருவீர்கள். மிச்சம் 69,000 தான். "16% வேண்டும்" என்பது பெரிதாகக் கேட்கும். "வழக்கமான உயர்வு போக 69,000 கரெக்ஷன்" என்பது ஒரு மேனேஜர் மேலே கொண்டுபோகக்கூடிய அளவு. இரண்டும் ஒரே பணம்தான்.

எழுதி முடித்தால் எப்படி இருக்கும்?

ஆபீஸில் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள். என்ன இருக்க வேண்டும் என்று தெரிவதற்காகத் தமிழில் தருகிறேன்:

> வரும் ஏப்ரல் சுற்றில் என் நிலையான சம்பளத்தை 9.64 லட்சத்திலிருந்து 11.20 லட்சமாக மாற்றப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.
>
> ரிலீஸ் சோதனை 6 ஆள்-நாளிலிருந்து அரை நாளானது (ஜூன் முதல் 16 ரிலீஸ், 88 ஆள்-நாள்). இருவர் பேமென்ட் சோதனைக்கு மாறினார்கள், புதிய ஆள் கேட்கவில்லை. வடிவமைப்பும் முதல் 140 டெஸ்ட்டும் என்னுடையவை.
>
> செப்டம்பர் ரிலீஸில் பில் தொகை இருமுறை கழியும் பிழையை வெளியீட்டுக்கு முந்தைய நாள் கண்டுபிடித்தேன். டிக்கெட் எண் இணைத்துள்ளேன்.
>
> இரண்டு ஜூனியர்களுக்குப் பயிற்சி கொடுத்தேன். நவம்பர் முதல் அவர்கள் தனியாக ரிலீஸ் பார்க்கிறார்கள்.
>
> சென்னையில் 5–7 வருட அனுபவத்துக்கு இதே பொறுப்பில் நிலையான சம்பளம் 10.8–11.6 லட்சம். டிசம்பர், ஜனவரியில் மூன்று கன்சல்டன்ட்கள் சொன்ன வரம்பு, 22 பதிவுகளோடு ஒப்பிட்டது.
>
> வழக்கமான உயர்வுக்கு மேல் தேவைப்படுவதை மார்க்கெட் கரெக்ஷனாகப் பார்க்க முடியுமா என்று பேச விரும்புகிறேன்.

வீட்டுக் கடன், இஎம்ஐ, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் எதுவும் இதில் இல்லை. அவை உண்மையான பாரங்கள்தான். ஆனால் அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் எல்லாருடைய குழுவிலும் இஎம்ஐ கட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

இதை முதலில் மெயிலில் அனுப்பாதீர்கள். மேனேஜரிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்கி, நேரில் பேசிவிட்டு, அன்று மாலையே அனுப்புங்கள். திடீரென்று மெயிலில் வந்தால் ராஜினாமாவுக்கு முன்னோட்டமோ என்று பயப்படுவார்கள்.

கையில் வேறு ஆஃபர் இருக்கிறது. அதையும் எழுதலாமா?

உண்மையாகவே போகத் தயார் என்றால் மட்டும், அதுவும் நேரில். இந்தக் குறிப்பில் வேண்டாம். "சரி, போய்வாருங்கள்" என்று சொன்னால் போக முடிய வேண்டும். இல்லாத ஆஃபரைச் சொல்லி மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆஃபர் கடிதத்தின் நகலைக் கேட்ட அன்றே அவர்கள் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது.

எல்லாம் செய்தேன், கடைசியில் 9% தான் வந்தது. இப்போது என்ன?

எந்தக் கட்டத்தில் நின்றது என்று கேளுங்கள். மூன்று பதில்களில் ஒன்று வரும். ரேட்டிங் குறைந்தது என்றால் சாதனைப் பகுதி எடுபடவில்லை. எந்த ஒன்று இருந்திருந்தால் மேலே போயிருக்கும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பணம் இல்லை என்றால், அக்டோபரில் அரையாண்டுச் சுற்று இருக்கிறதா, அதில் பேசலாமா என்று கேளுங்கள். மூன்றாவது, உங்கள் பதவிக்கான சம்பள வரம்பின் உச்சியில் ஏற்கெனவே இருக்கிறீர்கள் என்ற பதில். அப்படியானால் எவ்வளவு நல்ல குறிப்பு எழுதினாலும் இந்தப் பதவியில் பெரிதாக ஏறாது. அடுத்த வருடம் கேட்க வேண்டியது பதவி உயர்வு. அதற்கு மூன்று சாதனை போதாது, மேல் பதவியின் வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதைக் காட்ட வேண்டும்.

எந்தப் பதில் வந்தாலும் அன்றைக்கே நான்கு வரி மெயில் அனுப்புங்கள்: "இன்று பேசியதன்படி, இன்னது முடிந்தால் அக்டோபரில் மறுபடி பார்க்கலாம் என்று புரிந்துகொண்டேன். தவறாக இருந்தால் திருத்துங்கள்." மேனேஜர் நடுவில் வேறு குழுவுக்கு மாறிப் போனாலும், புதிதாக வருபவரிடம் காட்ட உங்களிடம் அது இருக்கும்.